கோப்பிக் கொப்பி

மார்ச் 3, வெள்ளவத்தை

இன்று இரண்டாவது வறுவல் நன்றாக வந்திருக்கிறது என்று மணமே சொல்லுகிறது. குசினியில் காஸ் அடுப்பின் மேல் சுழலும் சின்ன ட்ரம். 250 கிராம் பச்சைக் கொட்டையை 180 பாகையில் போட்டேன். வெப்பமானி 92 வரை இறங்கி, 1 நிமிடம் 20 விநாடியில் திரும்பியது. 5 நிமிடத்தில் கொட்டை மஞ்சளாகி, வைக்கோல் மணம் போய் பாண் மணம் வந்தது. 9:10க்கு, 197 பாகையில் கொட்டை படபடவென்று வெடிக்கத் தொடங்கியது, அதுதான் முதல் வெடிப்பு. 10:50க்கு இறக்கினேன். நிறுத்துப் பார்த்தால் 214 கிராம்.

மார்ச் 5

வறுத்த அன்றே குடித்தால் உள்ளே இருக்கும் வாயு சுவையை மறைத்துவிடும். அதனால் இரண்டு நாள் பொறுத்தேன். 11 கிராம் தூள், 200 மில்லிலீற்றர் சுடுநீர், 4 நிமிடம் கழித்து மேலே மிதந்த தூளைக் கரண்டியால் விலக்கிக் குடித்தேன். தோடம்பழத் தோல், அப்புறம் பனங்கற்கண்டு இனிப்பு. "நல்லது" என்று எழுதினால் அடுத்த மாதம் எனக்கே விளங்காது. ஆகவே இப்படியே எழுதினேன்.

அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, "வேர்க்கொம்பு போடேல்லையே?" என்றா.

மார்ச் 8

கொப்பியைப் பார்த்து அப்படியே செய்தேன். அதே கொட்டை, அதே 180, அதே தீ. ஆனால் வெப்பமானி 84 வரை இறங்கியது. முதல் வெடிப்பு 10:25க்குத்தான் கேட்டது. கொப்பியில் 10:50 என்று இருக்கிறதே என்று 10:50க்கே இறக்கிவிட்டேன். கொட்டையைப் பார்க்காமல் மணிக்கூட்டைப் பார்த்த மடத்தனம். நிறை 221 கிராம்.

மார்ச் 10

கடலைத் தோல் சுவை, பிஞ்சுப் புளிப்பு. பிந்தி வெடித்த கொட்டைக்கு வெடிப்புக்குப் பிறகு 25 விநாடிதான் கிடைத்தது, 3ஆம் திகதியோ 1 நிமிடம் 40 விநாடி. 221 கிராம் என்ற நிறையும் அதையே சொன்னது: ஈரம் குறைவாகப் போயிருக்கிறது.

ஏன் பிந்தியது? இரவு படுக்கையில்தான் பிடிபட்டது. 3ஆம் திகதி வறுத்தது அன்றைய இரண்டாவது சுற்று. இரும்பு நன்றாகச் சூடேறியிருந்தது. 8ஆம் திகதி அதுவே முதல் சுற்று. வெறும் ட்ரம்மில் வெப்பமானி காட்டுவது காற்றின் சூட்டை. காற்று 180 ஆனாலும் இரும்பு அந்தளவு சூடாகியிருக்காது. இதைக் காட்ட கொப்பியில் பத்தியே இல்லை.

மார்ச் 12

"எத்தனையாவது சுற்று", "வெறும் ட்ரம் எவ்வளவு நேரம் சூடாகியது" என்று இரண்டு பத்தி கீறினேன். 15 நிமிடம் வெறுமனே சூடாக்கி, 180இல் போட்டேன். 91 வரை இறங்கித் திரும்பியது. 9:15க்கு வெடிப்பு. அதிலிருந்து 1 நிமிடம் 40 விநாடி எண்ணி 10:55க்கு இறக்கினேன். 215 கிராம்.

மார்ச் 14

தோடம்பழத் தோல் வந்துவிட்டது. இனிப்பு மட்டும் ஒரு பிடி குறைவு. கோப்பை கழுவ வந்த அம்மா மிச்சத்தைக் குடித்துப் பார்த்தா. அவவின் குறிப்பையும் சுவைப் பத்தியிலேயே எழுதிவிட்டேன்: "இப்பவும் வேர்க்கொம்பு இல்லை."