ஆடி மாதத்துக்குள் ஒரு மண்டபம்: கால அட்டவணைக் குறிப்புகள்

ஜூன் 11, 2025, புதன்

செந்தூலில் உள்ள கல்யாண மண்டபம், சுமார் 6,000 சதுர அடி. தரை உடைத்து புது டைல்ஸ், கூரையடிச் சிலிங், ஏர்கோன் குழாய், வயரிங், எல்லாமே புதிது. ஆடியில் கல்யாணம் வைப்பதில்லை என்பதால் ஜூலை 17 அன்று மண்டபத்தைக் கையில் தருகிறார்கள். ஆவணியின் முதல் பதிவு ஆகஸ்ட் 29, வெள்ளிக்கிழமை. முந்தின நாள் மணவறை கட்டவும் கழுவவும் போய்விடும். ஞாயிறு நீங்கலாக எண்ணினால் ஆகஸ்ட் 27 வரை 36 வேலை நாள்.

இந்த 36-ஐ யாரும் மாற்ற முடியாது. பத்திரிகை அடித்தாகிவிட்டது. ஆகவே "எத்தனை நாளில் முடியும்" என்று கேட்பதை விட "36 நாளில் முடிய எவ்வளவு வாய்ப்பு" என்று கேட்பதுதான் பயன். அதற்கு ஒவ்வொரு வேலைக்கும் ஒரு எண் போதாது, மூன்று வேண்டும்: எல்லாம் கைகூடினால் எத்தனை நாள், வழக்கமாக எத்தனை நாள், மோசமாகப் போனால் எத்தனை நாள்.

ஜூன் 14, சனி

மூன்று எண்ணையும் வழக்க நாளில் தொடங்கிக் கேட்கக்கூடாது. டைல்ஸ் மேஸ்திரியிடம் அப்படிக் கேட்டபோது "ஆறு நாள்ண்ணே, கூடக்குறைய ரெண்டு நாள்" என்றார். 4, 6, 8. இருபக்கமும் ஒரே அளவு தள்ளி நிற்கும் எண்களை அப்படியே எழுதிக்கொள்ளக் கூடாது. வேலை இரண்டு நாள் முந்துவதற்குக் காரணம் அரிதாகத்தான் கிடைக்கும். பிந்துவதற்குப் பத்துக் காரணம் இருக்கும்.

மறுபடி மோச நாளில் ஆரம்பித்தோம். போன வேலைகளில் இழுத்தடித்தது எது, ஏன்? அவரே சொன்னார்: ஒரே நிறக் குறி உள்ள பெட்டிகள் பாதியில் தீர்ந்து அடுத்த லோரிக்குக் காத்திருந்தது, தரை மட்டம் சரியில்லாமல் ஒரு பகுதியை எடுத்துத் திரும்ப ஒட்டியது. அப்படி எண்ணியபோது மோசம் 10 நாள் வந்தது. விரைவு 5, வழக்கம் 6, மோசம் 10. ஒவ்வொரு மோச எண்ணுக்குப் பக்கத்திலும் அதன் காரணத்தை எழுதி வைக்கிறோம். காரணம் இல்லாத எண்ணை ஏற்பதில்லை. வெள்ளம், தீ போன்றவை இதில் சேராது. இருபது வேலையில் ஒன்றுக்கு நேர்வது மட்டும்.

ஜூன் 17, செவ்வாய்

தரை வரிசை: உடைப்பது, தரையைச் சமன் செய்யும் சிமெண்ட் பூச்சான ஸ்கிரீட் போடுவது, அது காய்வது, டைல்ஸ்.

காய்வதில்தான் பலர் இடறுகிறார்கள். 50 மில்லிமீட்டர் சிமெண்ட் ஸ்கிரீட் நல்ல காற்றோட்டத்திலும் மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு நாள் என்ற வேகத்தில்தான் காயும். வினைலோ மரத்தளமோ கேட்டிருந்தால் 36 நாள் கணக்கே எழாது. டைல்ஸ் பசை ஓரளவு ஈரத்தைத் தாங்கும் என்பதால் அதைத் தேர்ந்தோம். காய்வதற்கு 14, 18, 27 நாட்காட்டி நாள் என்று வைத்தோம். ஸ்கிரீட் ஞாயிற்றுக்கிழமையும் காயும். ஆகவே மற்ற வேலைகளோடு கூட்டும் முன் ஏழில் ஆறு பங்காக மாற்ற வேண்டும்: 12, 15, 23. இதை மாற்றாமல் கூட்டினால் வழக்க நாளிலேயே மூன்று நாள் பொய்யாக ஏறிவிடும்.

27 ஏன்? புது ஏர்கோன் அப்போது ஓடாது, தூசுக்காகக் கதவுகளை மூடி வைப்பார்கள், மேலே சிலிங் வேலைக்காகத் தரையில் பலகை விரிப்பார்கள். மூன்றும் ஈரத்தை அடைத்து வைக்கும்.

ஜூன் 18, புதன்

விரிதாளில் விரைவு B, வழக்கம் C, மோசம் D. எதிர்பார்ப்பு நாளுக்கும், அதிலிருந்து எவ்வளவு விலகக்கூடும் என்று காட்டும் பரவலுக்கும் ஒவ்வொரு சூத்திரம்:

```
=(B2+4*C2+D2)/6
=((D2-B2)/6)^2
```

1958-இல் அமெரிக்கக் கடற்படையின் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக உருவான கணக்குதான் இது. உடைப்பு (4, 5, 9) 5.5 நாள். ஸ்கிரீட் (3, 4, 7) 4.33. காய்தல் 15.83. டைல்ஸ் 6.5. கூட்டினால் 32.17 நாள். வழக்க நாட்களை மட்டும் கூட்டினால் 30. ஒவ்வொரு வேலையும் பிந்தும் பக்கமே நீண்டு நிற்பதால் இந்த இரண்டு நாள் கூடுகிறது; 30 நாள் அட்டவணை முதல் நாளிலேயே இரண்டு நாள் பின்தங்கியிருக்கிறது.

நாட்களைக் கூட்டுவது போலவே பரவல்களையும் கூட்டலாம்: 5.19. அதன் வர்க்கமூலம் 2.28 நாள்தான் மொத்த ஏற்ற இறக்கம். (நாட்களின் ஏற்ற இறக்கத்தை நேராகக் கூட்டக்கூடாது, பரவலைக் கூட்டிய பிறகே மூலம் எடுக்க வேண்டும்.) பிறகு, 36 நாளுக்குள் முடியும் வாய்ப்பு:

```
=NORM.DIST(36,32.17,2.28,TRUE)
```

95 சதவீதம். அந்த 5.19-இல் 3.36 காய்தலிலிருந்தே வருகிறது என்பதையும் குறித்துக்கொள்கிறோம். உடைக்கும் ஆட்களை விரட்டுவதால் பெரிதாக ஒன்றும் மாறாது.

ஜூன் 20, வெள்ளி

மேல் வரிசை: பழைய சிலிங்கைக் கழற்றுவது (3, 4, 7), ஏர்கோன் குழாயும் வயரிங்கும் (7, 9, 17), மின் சோதனை (2, 4, 12), ஜிப்சம் பலகையும் பெயிண்டும் (9, 12, 17). எதிர்பார்ப்பு 31.67 நாள். தரையை விட அரை நாள் குறைவு என்பதால் வழக்கமான அட்டவணை இதை முக்கிய வரிசை என்று காட்டாது. ஆனால் ஏற்ற இறக்கம் 2.79 நாள். 36-க்குள் முடிய 94 சதவீதம்தான். நீளத்தில் குறைவான வரிசை ஆபத்தில் கூடுதலாக இருக்கிறது. சராசரியை மட்டும் பார்த்து ஒரு வரிசையை மட்டும் காவல் காத்திருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது.

இரண்டும் முடிந்தால்தான் மண்டபம். 0.95-ஐயும் 0.94-ஐயும் பெருக்கினால் 90-க்குச் சற்றுக் கீழே.

ஜூன் 24, செவ்வாய்

அந்த 90 தவறு. வரிசைகளைத் தளத்தில் நடந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. சிலிங் ஆட்கள் சக்கரச் சாரத்தில் நின்று வேலை செய்கிறார்கள். அந்தச் சாரம் நிற்கும் இடம் தரை. மண்டபத்தை மேடைப் பாதி, வாசல் பாதி என்று பிரித்து மாற்றி மாற்றி வேலை செய்யலாம். ஈர ஸ்கிரீட்டை நாலு நாள் யாரும் மிதிக்காமல் விடலாம். ஆனால் கடைசிப் பாதியில் சாரம் இறங்காமல் டைல்ஸ் ஒட்ட முடியாது. ஒரு வேலை இன்னொன்றுக்குக் காத்திருப்பதைக் காட்டும் இந்தக் கோடே அட்டவணைத் தாளில் இல்லை.

கோட்டைப் போட்டால், சிலிங்கின் 31.67-க்குப் பின் பாதி டைல்ஸ் (2.5, 3, 5), அதாவது 3.25 நாள். மொத்தம் 34.92, ஏற்ற இறக்கம் 2.82. 36-க்குள் முடிய வாய்ப்பு 65 சதவீதம். மூன்றில் ஒரு முறை தவறும் என்பதை வைத்துக்கொண்டு கல்யாண வீட்டாருக்குத் தேதி சொல்ல முடியாது. எண்கள் எவையும் மாறவில்லை. ஒரு கோடு விடுபட்டதன் விலை இது.

ஜூன் 26, வியாழன்

எதைச் சுருக்குவது? மின் சோதனையின் மோச நாள் 12-க்குக் காரணம் வேலை இல்லை, ஆள் வரக் காத்திருப்பது. அதைத்தான் வெட்டலாம். வயரிங் முடிந்த பிறகு சோதனைக்கு ஆள் கேட்பதை விட்டு, முதல் பாதியின் சோதனையை இரண்டாம் பாதியின் வயரிங் நடக்கும்போதே வைத்துக்கொள்வது. இரண்டாம் பாதிக்கு இப்போதே தேதி எழுதி வாங்குவது. கடைசியில் மிஞ்சும் காத்திருப்பு 1, 2, 5. எதிர்பார்ப்பு 2.33.

புதிய கூட்டல் 32.25 நாள், ஏற்ற இறக்கம் 2.37, வாய்ப்பு 94 சதவீதம். ஒரு நாள்கூட யாரும் வேகமாக வேலை செய்யாமல் 65-இலிருந்து 94. தரை வரிசையின் 95-உடன் இதைப் பெருக்குவதும் சரியல்ல, இப்போது இரண்டும் ஒரே தரையைப் பகிர்கின்றன. மழையில் லோரி தாமதித்தால் இரண்டும் சேர்ந்தே பிந்தும். 90 சுமார் என்று மட்டும் சொல்கிறோம். இதிலும் இன்னொரு தள்ளுபடி உண்டு: ஆறால் வகுப்பது, மோச நாள் கிட்டத்தட்ட நடக்கவே நடக்காது என்ற எல்லைக்கு உரியது. நாம் இருபதில் ஒன்று என்று கேட்டோம். உண்மையான ஏற்ற இறக்கம் தாளில் இருப்பதை விடப் பெரிது.

ஆகஸ்ட் 7, வியாழன்

19-ஆம் நாள் முடிவு. கழற்றல் 5, குழாயும் வயரிங்கும் 11, சோதனை 3. எதிர்பார்த்த 16.67-க்கு 19. முடிந்த வேலைகளுக்கு இனிப் பரவல் இல்லை. அவற்றை எடுத்துவிட்டு மீதியை மட்டும் கணக்கிட வேண்டும். மீதி 15.58 நாள், கையில் 17, ஏற்ற இறக்கம் 1.40. வாய்ப்பு 84. பின்தங்கியது இரண்டே நாள் என்று தோன்றும், ஆனால் வாய்ப்பு பத்துப் புள்ளி விழுந்திருக்கிறது.

ஜிப்சத்துக்கு இரண்டாவது குழு நாளை முதல் இறங்குகிறது. மறுமதிப்பு 8, 10, 14. சாரம் ஒன்றுக்கு இரண்டாவதால் 12 இரட்டிப்பு வேகத்தில் 6 ஆகாது. இணைப்பு பூசிக் காயும் நேரம் அப்படியேதான் இருக்கும். மீதி 13.58. கணக்கு 99-ஐத் தாண்டுகிறது. அவ்வளவு உயரத்தில் அந்த எண்ணை நம்ப வேண்டாம், போதுமான இடம் இருக்கிறது என்று மட்டும் எடுத்துக்கொள்கிறோம்.

ஆகஸ்ட் 14, வியாழன்

ஈரச் சோதனை: 45 சென்டிமீட்டர் சதுரப் பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விட வேண்டும். வாசல் பாதியில் தாளின் அடி வறண்டிருக்கிறது, ஸ்கிரீட் நிறமும் மாறவில்லை. நாளை டைல்ஸ் தொடங்கலாம். மேடைப் பாதியில் மேடையோரம் துளிகள் நிற்கின்றன. இரண்டு நாள் பிந்திப் போட்டது, அதோடு இரவிலும் பலகைகளை எடுக்காமல் விட்டிருக்கிறார்கள். இனி மாலையில் பலகைகளை நிமிர்த்தி வைத்து, இரண்டு பெரிய மின்விசிறிகள் இரவு முழுக்க ஓட வேண்டும்.

ஆகஸ்ட் 23, சனி

மேடைப் பாதி 18-ஆம் தேதி வறண்டது. போட்டதிலிருந்து 18 வேலை நாள்; வழக்கம் என்று எழுதிய 15-ஐத் தாண்டி, மோசத்தின் 23-க்குள். சிலிங் 11 நாளில், 20-ஆம் தேதி முடிந்து சாரம் இறங்கியது. கடைசி டைல்ஸ் இன்று மாலை 5 மணிக்கு. 33-ஆம் நாள், மீதம் மூன்று. அதில் ஒரு நாள் இணைப்புப் பொடி நிரப்பிக் கழுவ, இரண்டு நாள் நாற்காலி ஏற்ற.

மூன்று எண்களுக்குப் பக்கத்தில் நான்காவது பத்தியாக நடந்த நாட்களை எழுதியாகிவிட்டது. குழாயும் வயரிங்கும்: 7, 9, 17, நடந்தது 11. அடுத்த மண்டபத்துக்கு வழக்கம் 10 என்று தொடங்குவோம்.