அடித்துவிட்ட மூன்று வரிகள்

"தம்பி, நீங்க அடிச்சுப் போட்ட மூணும் இனிமே வராதுன்னு சொல்லுதியளா?" என்று ஸ்டோர்ஸ் அண்ணாச்சி கேட்டார். 2024 ஏப்ரலில், கணக்கு முடித்த தாளை அவர் மேசையில் வைத்துவிட்டு நான் நின்றுகொண்டிருந்தபோது கேட்டது. "வரலாம் அண்ணாச்சி. ஆனா அது சப்ளையரோட லீட் டைம் இல்லையே" என்றேன். அந்தப் பதிலில் பிழை இருப்பதாக எனக்கு இன்றுவரை தோன்றவில்லை. ஆனாலும் அதே ஆண்டு ஆடிக் கடைசியில் ஆறு நாள் பேக்கிங் நின்றதற்கு அந்தப் பதில்தான் காரணம் என்பதையும் என்னால் மறுக்க முடியவில்லை.

அப்பளத்தை அடைக்கும் அச்சிட்ட பிளாஸ்டிக் ரோல் எங்களுக்குச் சிவகாசிப் பக்கமிருந்து வருகிறது. எங்கள் டிசைன் பொறித்த சிலிண்டர்கள் அந்த அச்சகத்தில்தான் கிடக்கின்றன என்பதால், அச்சகக்காரர் தாமதித்தால் அடுத்த வாரமே வேறொருவரிடம் போய்விட முடியாது. படலம் வாங்கி, மெஷினில் முறை வந்து, அச்சடித்து, இரண்டு அடுக்கை ஒட்டி, பசை இறுகும்வரை சூட்டறையில் வைத்து, அகலத்துக்கு வெட்டி அனுப்ப வேண்டும். அதனால் ஆர்டர் போட்டதிலிருந்து சரக்கு வரும்வரை ஆகும் லீட் டைம் பதினைந்து நாள் என்று வைத்துக்கொண்டு, மேலே ஒரு வாரம் சேர்த்து, கையிருப்பு 880 கிலோவைத் தொட்டால் ஆர்டர் போடுவது என்பது நான் வருவதற்கு முன்பிருந்தே நடந்துவந்த வழக்கம். ஞாயிறையும் சேர்த்துச் சராசரியாக நாளுக்கு 40 கிலோ செலவு என்பதால், 880 கிலோ என்பது 22 நாள் சரக்கு. அந்தப் பதினைந்தையும் ஏழையும் யார், எதை வைத்துச் சொன்னார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. நான் அளந்து பார்க்கப் புறப்பட்டது அதனால்தான்.

2022 ஏப்ரல் முதல் 2024 மார்ச் வரை 24 ஆர்டர்கள் வந்து சேர்ந்திருந்தன. பர்ச்சேஸ் ஆர்டர் தேதியிலிருந்து, சரக்கு வந்ததைப் பதிவு செய்யும் ஜி.ஆர்.என். தேதிவரை எண்ணினால் போதும் என்று தொடங்கியவனை முதலில் நிறுத்தியது ஒரு சின்ன விஷயம். ஜி.ஆர்.என். தேதிகளில் பாதிக்கு மேல் திங்கட்கிழமைகளிலும் மாதக் கடைசியிலும் வந்து குவிந்திருந்தன. லாரி நாள் பார்த்து வராது. பதிவு போடுகிறவர்தான் நாள் பார்த்துப் போடுவார். சரக்கு குறைவாக இருந்த நாள்களில் ரோல் வண்டியிலிருந்து நேரே மெஷினில் ஏறிவிடும், பதிவு நான்கு நாள் கழித்து நடக்கும். எனவே அண்ணாச்சியிடம் கேட் ரிஜிஸ்டரை வாங்கினேன். வண்டி எண், சலான் எண், உள்ளே வந்த நேரம் எல்லாம் வாட்ச்மேன் கையெழுத்தில் இருக்கும் அந்த நீள நோட்டிலிருந்து 24 தேதிகளையும் ஒவ்வொன்றாக எடுத்தேன். ஒரே ஆர்டர் இரண்டு வண்டியாகப் பிரிந்து வந்த இடங்களில், பாதிக்கு மேல் சரக்கு வந்துசேர்ந்த நாளை எடுத்துக்கொண்டேன். இதுவரை செய்ததைப் பற்றி எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

வரிசைப்படுத்திப் பார்த்தபோது, 21 ஆர்டர்கள் 11 நாளிலிருந்து 22 நாளுக்குள் வந்திருந்தன. மிச்சம் மூன்றும் தனியாகத் தள்ளி நின்றன: 28, 29, 31. அந்த 31 நாள் 2023 டிசம்பர் ஆர்டர். 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணி கரை மீறி, திருநெல்வேலி ஜங்ஷனே நீரில் கிடந்த வாரத்தில், வண்டி வந்திருந்தாலும் இறக்க ஆளில்லை. 28, 29 இரண்டும் வேறு கதை. முந்தைய பில்லுக்கான பணத்தை எங்கள் அக்கவுண்ட்ஸ் பிரிவு நிறுத்தி வைத்திருந்தது. அச்சகக்காரர் அதை வாய்விட்டுச் சொல்லாமல், எங்கள் வேலையை மெஷினில் ஏற்றாமல் தள்ளிக்கொண்டே வந்திருந்தார். மூன்றில் ஒன்றுகூட அவருடைய குற்றம் இல்லை. அதனால் மூன்று வரிகளையும் அடித்தேன்.

தாளில் எழுதிய சூத்திரம் பலரும் பயன்படுத்துவதுதான்:

```
ROP = d*L + z*SQRT(L*sd^2 + d^2*sL^2)
```

இதில் ROP என்பது கையிருப்பு எந்த அளவைத் தொட்டால் ஆர்டர் போட வேண்டுமோ அந்த ரீஆர்டர் அளவு. d நாள் செலவு, 40 கிலோ. sd அதன் திட்ட விலக்கம், 8 கிலோ. L சராசரி லீட் டைம், sL அதன் திட்ட விலக்கம். நூறு ஆர்டரில் 95 தடவை சரக்கு தீராமல் இருக்க வேண்டும் என்று வைத்து, z-க்கு 1.65 எடுத்தேன். அடித்தது போக மிஞ்சிய 21 வரிகளில் சராசரி 16 நாள், விலக்கம் 3 நாள். வர்க்கமூலத்துக்குள் செலவின் ஏற்ற இறக்கம் தருவது 1,024. லீட் டைமின் ஏற்ற இறக்கம் தருவது 14,400. அதாவது விற்பனை எவ்வளவு ஆடினாலும் எங்களுக்குப் பெரிய பயமில்லை, வண்டி வரும் நாள் ஆடுவதுதான் ஆபத்து என்பதை அந்த இரண்டு எண்களே சொல்லிவிட்டன. 640 கிலோவும் பாதுகாப்புக்கு 205 கிலோவும் சேர்ந்து 845 கிலோ வந்தது. பழைய 880-ஐ விடக் கொஞ்சம் குறைவு. பழைய வழக்கம் ஏறத்தாழச் சரிதான் என்று கணக்கும் சொல்கிறது, அதோடு 35 கிலோ மிச்சமும் ஆகிறது என்பதில் எனக்கு ஒரு மகிழ்ச்சி இருந்ததை மறைக்க வேண்டியதில்லை. அந்த மகிழ்ச்சிதான் அடுத்து கேட்டிருக்க வேண்டிய கேள்வியை விழுங்கிவிட்டது.

அண்ணாச்சி சூத்திரத்தைப் பார்க்கவேயில்லை. அடித்த வரிகளைத்தான் பார்த்தார். நான் வெள்ளத்தைச் சொன்னேன். "வெள்ளம் தொண்ணூத்திரண்டுலயும் வந்துச்சு" என்றார். முப்பத்தொரு வருடத்தில் இரண்டு தடவைதானே என்று நான் விளக்கத் தொடங்கியபோது, "அது சரி, துட்டு நிக்கது எத்தனை தடவ?" என்று கேட்டார். அதற்குத்தான் நான், அது சப்ளையருடைய லீட் டைம் இல்லை என்று சொன்னேன்.

இந்த இடத்தைத்தான் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறேன். வெள்ளத்தை அடித்ததற்கு நியாயம் உண்டு. இரண்டு வருடக் கணக்கில் அது 24-ல் ஒன்றாகத் தெரிகிறது. உண்மையில் அவ்வளவு அடிக்கடி வருவதில்லை. அதை உள்ளே விட்டால் ஒவ்வொரு மாதமும் ஒரு வெள்ளத்துக்குக் கொஞ்சம் சரக்கு கட்டிவைப்பதாகும். பணம் நிற்பது அப்படி இல்லை. அது 24-ல் இரண்டு என்றால், வரும் வருடத்திலும் ஒரு தடவை வரும் என்று எதிர்பார்ப்பதுதான் கணக்கு. இரண்டையும் ஒரே கோட்டால் அடித்தபோது, இது யாருடைய குற்றம் என்ற ஒரே அளவுகோலைத்தான் பயன்படுத்தியிருக்கிறேன். அச்சகக்காரருக்கு மதிப்பெண் போடுவதென்றால் அந்த அளவுகோல் சரி. ரோல் தீருமா தீராதா என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை. தாமதம் யாரால் வந்தாலும் கிடங்கில் அன்றைக்கு 40 கிலோ குறையத்தான் செய்யும்.

ஜூலையில் கையிருப்பு 845-ஐத் தொட்டதும் ஆர்டர் போனது. அந்த மாதம் அக்கவுண்ட்ஸில் மறுபடி பணம் நின்றது. வண்டி 27-ஆம் நாள் வந்தது. 845 கிலோ 21 நாளில் தீர்ந்துவிட்டது. பேக்கிங் பெண்கள் இரண்டு நாள் வெறுங்கவரில் லேபிள் ஒட்டிப் பார்த்தார்கள். பிறகு அதுவும் ஓடவில்லை. காய்ந்த அப்பளத்தை எண்ணி அடுக்கி, காற்றுப் படாமல் தகர டின்களில் மூடி வைத்தோம். அந்த டின்களின் வரிசை ஒவ்வொரு நாளும் வராந்தாவில் நீண்டுகொண்டே போனது இன்னும் கண்ணில் நிற்கிறது. அண்ணாச்சி அந்த ஆறு நாளும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அதன் பிறகு மூன்று வரிகளையும் திரும்பச் சேர்த்துப் பார்த்தேன். சராசரி 16-லிருந்து 17.7 ஆனது; விலக்கம் 3-லிருந்து 5.3 ஆனது. மூன்று வரிகள் சராசரியை ஏறத்தாழ இரண்டு நாள்தான் நகர்த்தின, விலக்கத்தையோ இரண்டு மடங்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய்விட்டன. ரீஆர்டர் அளவு 1,060 கிலோவாக ஏறியது. அது 26 நாளைத் தாண்டும் சரக்கு. ஜூலையில் இருந்திருந்தால் அரை நாள்தான் இடறியிருக்கும். வெள்ளத்தை மட்டும் விட்டுவிட்டுக் கணக்கிட்டாலும் ஆயிரம் கிலோவை ஒட்டித்தான் வருகிறது. இதையும் நான் முழுதாக நம்பவில்லை. திட்ட விலக்கம் முன்னும் பின்னும் சமமாக ஆடுவதற்குப் பொருந்தும் அளவு. எங்கள் வண்டியோ சீக்கிரம் வந்தால் ஐந்து நாள் முந்தும், தாமதித்தால் பதினைந்து நாள் பிந்தும். 24 வரிகளையும் வரிசையில் நிறுத்தி, நூற்றுக்கு 95 எங்கே விழுகிறது என்று நேராகப் பார்த்தால், கடைசிக்கு முந்தின வரிதான் அது: 29 நாள். அதாவது நான் சூத்திரத்தில் தேடிய விடை, நான் கோடு போட்டு அடித்த வரிகளில் ஒன்றாகவே இருந்திருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அடிக்காத 21 வரிகள் ஒழுங்காக வந்ததற்கு அண்ணாச்சி ஒரு நாள் விட்டு ஒரு நாள் அச்சகத்துக்குப் போன் அடித்ததும் காரணம். நான் அந்த எண்ணைக் கணினியில் ஏற்றிய பிறகு, "இனி சிஸ்டம் பாத்துக்கிடும்லா" என்று அவர் போன் அடிப்பதைக் குறைத்துக்கொண்டார். ஜூலைத் தாமதத்தில் எத்தனை நாள் அதனால் வந்தது என்று பிரித்தெடுக்க எந்த ரிஜிஸ்டரும் இல்லை. சில நேரம் இதை எனக்குச் சாதகமாக நினைத்துக்கொள்கிறேன். சில நேரம், அவரைப் போன் அடிக்க வேண்டாமென்று வைத்ததும் நான்தானே என்று தோன்றுகிறது.

இப்போது தாளில் இரண்டு பத்திகள் வைத்திருக்கிறேன். ஒன்று, நாங்கள் பணம் கட்டிய நாளிலிருந்து அவர் எடுத்துக்கொண்ட நாள்கள். மற்றது, ஆர்டர் போட்டதிலிருந்து வண்டி கேட்டுக்குள் நுழையும்வரை ஆன மொத்த நாள்கள். ரீஆர்டருக்கு இரண்டாவதுதான் போகிறது. ஆனால் அக்கவுண்ட்ஸ் தாமதத்துக்கும் சேர்த்துச் சரக்கு கட்டி வைத்துவிட்டால், அந்தத் தாமதம் யார் கண்ணிலும் படாமல் போய்விடும் என்று நான் அன்று நினைத்தது தவறா என்று இன்னும் தெரியவில்லை. 1,060 வந்த பிறகு பணம் இரண்டு தடவை நின்றது. ரோல் தீரவில்லை, எனவே ஒருவரும் கேட்கவில்லை.

முதலாளி ஒரு தடவை கேட்டார், வேறு விஷயத்தை. கூடுதலாக 215 கிலோ, கிலோ 260 ரூபாய் என்றால் ஏறத்தாழ 56,000 ரூபாய் எதற்காக முடங்கிக் கிடக்கிறது என்றார். அக்கவுண்ட்ஸ்காரர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "சப்ளையர் டெலிவரி முன்னப்பின்ன ஆகுது சார்" என்றேன். கேட் ரிஜிஸ்டரோடு கதவருகில் நின்ற அண்ணாச்சி என்னைப் பார்த்தார். பிறகு, சலானில் கையெழுத்து வாங்க வேண்டுமென்று சொல்லி நோட்டை விரித்து முதலாளி முன்னால் வைத்தார்.