மைலோவை விட்டுப்போன 36 நாட்கள்

மே 18, 2025, ஞாயிறு. சுங்கை சிப்புட்

இந்தோனேசியாவில் ரியாவ் பக்கம் ஒரு செம்பனை ஆலையில் பாய்லர் குழாய் மாற்றும் வேலை வந்திருக்கிறது. மே 31 கிளம்பினால் ஜூலை 6 திரும்பலாம். சம்பளம் நல்ல சம்பளம், மறுக்க முடியாது. பிரச்சினை என் நாய் மைலோதான். வீட்டில் நானும் அவனும் மட்டும்.

இன்று ஈப்போவில் ஒரு நாய் விடுதியைப் போய்ப் பார்த்தேன். ஓர் இரவுக்கு 35 மலேசிய வெள்ளி. இடம் சுத்தம், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கம்பிக் கூண்டு. மைலோ பிறந்ததிலிருந்து கூண்டுக்குள் இருந்ததில்லை, வாசல் திண்ணையில் படுத்தே வளர்ந்தவன். ஒரு படிவத்தையும் கையில் கொடுத்தார்கள்: தடுப்பூசி அட்டை, கடைசியாகப் பூச்சி மருந்து கொடுத்த தேதி, உண்ணி மாத்திரை கொடுத்த தேதி, சாப்பாட்டு அளவு, எந்த டாக்டரிடம் காட்டுவோம் என்று இரண்டு பக்கம். வண்டியில் ஏறியதும் அதை மடித்து டேஷ்போர்டுக்குள் போட்டுவிட்டேன்.

கூட்டாளிக்குப் போன் அடித்தேன். "இதுக்குப் போய் காசு கட்டுவியா? கொண்டாந்து விடுடா" என்றான். அவன் வீடு தோட்டத்து ஓரத்தில், பழைய லயத்துக்குப் பின்னால். அவனும் அவன் அம்மாவும் இருக்கிறார்கள். அவர்களுடைய கிழட்டு நாய் மார்ச்சில்தான் செத்தது. அம்மாவுக்கும் ஒரு துணை என்று நினைத்துக்கொண்டேன்.

மே 25, ஞாயிறு

நேற்று இரவு ஒத்திகை. மைலோவை அங்கே படுக்க வைத்துவிட்டு நான் மட்டும் வீட்டுக்கு வந்தேன். ஓர் இரவாவது இப்படி விட்டுப் பார்க்காமல் ஐந்து வாரத்துக்கு விடக் கூடாது என்று எனக்கே தோன்றியது.

நல்லதாகப் போயிற்று. பின்பக்க வேலிக்கு அடியில் ஒரு சாண் இடைவெளி இருப்பதை மைலோ அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டானாம். புது இடத்தில் முதல் சில நாள் நாய் வீட்டைத் தேடித்தான் ஓடப் பார்க்கும். வழியில் பெரிய ரோடு வேறு. கூட்டாளி காலையிலேயே அங்கே சிமெண்ட் கல் அடுக்கிவிட்டான். முதல் வாரம் வெளியே கூட்டிப்போனால் சங்கிலியோடுதான் என்று பேசிக்கொண்டோம். கழுத்துப் பட்டையில் லைசென்ஸ் தகடும் என் நம்பரும் அவன் நம்பரும் தொங்குகின்றன.

மே 31, சனி

விட்டுவிட்டு வந்தேன். வழக்கமாகத் தின்னும் தீனியையே ஐந்து வாரத்துக்கு வாங்கிக் கொடுத்தேன். இடம் மாறும்போது தீனியும் மாறினால் வயிறு போகும். துவைக்காத என் பழைய பனியன் ஒன்று, அவன் தண்ணீர் குடிக்கும் தட்டு, தடுப்பூசி அட்டை, 500 வெள்ளி.

ஒரு கடிதமும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். என்னைப் போனில் பிடிக்க முடியாவிட்டாலும் 800 வெள்ளி வரை எந்த வைத்தியமும் பார்க்கலாம், கூட்டாளி சொல்வதே என் சொல் என்று. ஆலை இருக்கும் இடத்தில் லைன் சரியாகக் கிடைக்காது என்று சொல்லியிருந்தார்கள்.

அம்மா பழைய நாயின் மரக்கூண்டைக் கழுவி, புதுச் சாக்கு விரித்து வைத்திருந்தார். கதவு கிடையாது, மழைக்கு ஒதுங்க ஒரு பெட்டி, அவ்வளவுதான். "பாவம், புள்ளைக்கு ஒரு இடம் வேணும்ல" என்றார். மைலோ உள்ளே போய் நெடுநேரம் மோந்து பார்த்துக்கொண்டிருந்தான். நான் கேட்டைச் சாத்தும்போது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதுவும் கொஞ்சம் வலித்தது.

ஜூன் 3, செவ்வாய். ரியாவ்

பெக்கன்பாருவில் இறங்கி ஐந்து மணி நேரம் வண்டி. வெல்டிங் கருகல் வாடை இன்னும் மூக்கில் இருக்கிறது.

மைலோ மூன்று நாளாகச் சாப்பிடவில்லையாம். அம்மா பொறுக்க முடியாமல் மீன் குழம்பு ஊற்றிச் சோறு பிசைந்து வைத்திருக்கிறார். அதை மட்டும் நக்கித் தின்றான், ராத்திரி முழுக்க வயிறு போனது. வெங்காயம், பூண்டு போட்ட குழம்பு வேண்டாம் அம்மா, வெங்காயம் நாயின் ரத்தத்தைக் கெடுக்கும் என்று சொன்னேன். "எங்க கிழவன் பதிமூணு வருஷம் அதத்தான் தின்னான் தம்பி" என்று செத்துப்போன நாயைச் சொன்னார். அதற்கு என்ன பதில் சொல்வது?

உப்பில்லாமல் கோழியும் சோறும் அவித்து, இரண்டு நாளைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கச் சொன்னேன். தண்ணீர் குடிக்கிறான். சுவரில் பல்லி ஓடினால் துள்ளி எழுகிறான். அதனால் பெரிதாகப் பயப்படவில்லை.

ஜூன் 9, திங்கள்

தட்டை நக்கி வைக்கிறான். வீடியோவில் அம்மாவின் காலடியில் குப்புறக் கிடந்தான். என் குரல் கேட்டதும் காது மட்டும் எழுந்தது. வேலை முடிந்து வந்தால் உடம்பெல்லாம் சாம்பல், வேறு எழுத எதுவுமில்லை.

ஜூன் 19, வியாழன்

இரவு எட்டு மணிக்கு லைன் கிடைத்தது. கூட்டாளி குரலே சரியில்லை. இரண்டு நாளாக மைலோ மறுபடி சாப்பிடவில்லை. "உன்ன தேடுறான் போல, சரியாப் போயிடும்னு நெனச்சேன்" என்றான். பல்லி ஓடினால் எழுகிறானா என்று கேட்டேன். அம்மா கோழித்துண்டை மூக்கருகே நீட்டினாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறானாம். ஏக்கத்தில் இருக்கும் நாய் சாப்பாட்டை விட்டாலும் பெரும்பாலும் வாலாட்டுவதை விடாது. இவன் எழவே இல்லை.

வீடியோ போட்டு மேல் உதட்டைத் தூக்கிக் காட்டச் சொன்னேன். மைலோவின் ஈறு வழக்கமாக நல்ல இளஞ்சிவப்பு. இப்போது கழுவிப் போட்ட துணிமாதிரி வெளுத்திருந்தது. விரலால் அழுத்தி எடுக்கச் சொன்னேன். அழுத்திய இடம் வெள்ளையாகி இரண்டு நொடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். வெளுப்பிலேயே எது திரும்பியது எது திரும்பவில்லை என்றே தெரியவில்லை. அப்புறம் அவனைப் புரட்டி, முடியில்லாத அடிவயிற்றில் டார்ச் அடித்தான். குண்டூசி முனை அளவில் சிவப்புப் புள்ளிகள், கொசு கடித்ததுபோல். ஆனால் தடிப்பு இல்லை, அழுத்தினாலும் மறையவில்லை. தோலுக்கு அடியில் ரத்தம் கசிகிறது என்று அர்த்தம்.

உடம்பு சுடுகிறது, பாதி பெனடோல் கொடுக்கவா என்று அம்மா பின்னாலிருந்து கேட்டார். கத்தியேவிட்டேன். மனுஷன் காய்ச்சல் மாத்திரை நாய்க்கு விஷம். ரத்தம் கசியும் நாய்க்கு ஆஸ்பிரின் மாதிரி எதையாவது கொடுத்தால் கசிவு இன்னும் கூடும். காலையில் முதல் ஆளாக டாக்டரிடம் போ என்றேன். இங்கே மணி பத்து, அங்கே பதினொன்று. தூக்கம் வரவில்லை.

அப்போதுதான் விடுதியில் கொடுத்த அந்தப் படிவம் ஞாபகத்துக்கு வந்தது. "உண்ணி மாத்திரை கொடுத்த தேதி". கடைசியாகக் கொடுத்தது ஏப்ரல் 27. மாதத்துக்கு ஒன்று. அடுத்தது மே 27-ல் கொடுத்திருக்க வேண்டும். விசா, டிக்கெட், பூட்ஸ் என்று ஓடியதில் மறந்தே போனேன். விடுதியில் விட்டிருந்தால் வாசலிலேயே கேட்டிருப்பார்கள்.

ஜூன் 20, வெள்ளி

பகல் முழுக்கப் பாய்லருக்குள். வெளியே வந்து பார்த்தால் பதினொரு மிஸ்ட் கால். எல்லாம் முடிந்திருந்தது. ஈப்போ டாக்டர் கடிதத்தைப் பார்த்துவிட்டு எனக்காகக் காத்திருக்காமல் வைத்தியத்தைத் தொடங்கிவிட்டார்.

உண்ணிக் காய்ச்சல், எர்லிக்கியா. காய்ச்சல் 40.1. நாய்க்கு 39 வரை சாதாரணம். ரத்தத் தட்டணு 42 ஆயிரம்; குறைந்தது இரண்டு லட்சத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டியது. ரத்தம் உறைவதே இந்தத் தட்டணுவால்தான். அதனால்தான் வயிற்றில் புள்ளி. கிருமி உள்ளே போனதிலிருந்து காய்ச்சல் வர ஒன்றிலிருந்து மூன்று வாரம் ஆகும். கணக்குப் பார்த்தால் போன முதல் பத்து நாளுக்குள் கடி வாங்கியிருக்கிறான்.

மைலோ 19 கிலோ. டாக்ஸிசைக்ளின் 100 மில்லிகிராம், காலையும் இரவும், 28 நாள். 56 மாத்திரை. இரண்டு நாளில் எழுந்து ஓடுவான், அதை நம்பி மருந்தை நிறுத்தக் கூடாது என்று டாக்டர் கூட்டாளியிடம் இரண்டு முறை சொன்னாராம். பாதியில் விட்டால் கிருமி உள்ளேயே பதுங்கி, மாதக்கணக்கில் கழித்து வேறு மாதிரி வரும். உண்ணி மாத்திரையையும் அங்கேயே கொடுத்துவிட்டார்கள். மொத்தம் 340 வெள்ளி.

ஜூன் 22, ஞாயிறு

நேற்று மாலை எழுந்து வாசல் வரை நடந்திருக்கிறான். இன்று முழுத் தட்டும் காலி.

ஆனால் மாத்திரையை அம்மா பாலில் கரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். பாலில் உள்ள சுண்ணாம்புச் சத்து இந்த மருந்தைப் பிடித்துக்கொள்ளும், உடம்பில் முழுசாகச் சேர விடாது. வெறும் வயிற்றிலும் கூடாது, வாந்தி எடுப்பான். தொண்டையில் ஒட்டினால் புண்ணாகும். சாப்பாட்டோடு கொடுத்து, மேலே தண்ணீர் குடிக்க வைக்க வேண்டும். இதைச் சொல்ல அம்மாவுக்கே போன் அடித்தேன். வியாழன் இரவு கத்தியதற்கு மன்னிப்பும் கேட்டேன். "நீ யாருக்கு கத்துன, உன் புள்ளைக்குத்தானே" என்றார்.

உண்ணி எங்கிருந்து வந்தது? புல்லில் என்றுதான் நானும் நினைத்தேன். டாக்டர் கேட்ட முதல் கேள்வியே வேறு: "வீட்டில் முன்பு நாய் இருந்ததா?" நாயில் ஒட்டும் இந்தப் பழுப்பு உண்ணி புல்லைவிடச் சுவர் வெடிப்பிலும் பலகை இடுக்கிலும்தான் குடியிருக்கும். ரத்தம் கிடைக்காமல் மாதக்கணக்கில் காத்திருக்கும். கிருமியும் அதன் உடம்பில் கூடவே காத்திருக்கும். கீழே தேடாதீர்கள், மேலே தேடுங்கள் என்றாராம். அது ஏறுகிற பூச்சி.

கூட்டாளி மரக்கூண்டின் தகரக் கூரையைக் கழற்றினான். போட்டோ அனுப்பியிருக்கிறான். ஆணி ஓரத்தில், பலகை இடுக்கில், சாம்பல் நிறப் பயறுபோல் வீங்கிய உண்ணிகள். பக்கத்தில் பொடி மிளகுமாதிரி குஞ்சுகள். அம்மா கழுவியது தரையை மட்டும். கிழவன் போய் மூன்று மாதம், அவன் விட்டுப்போனவை இவனுக்காகக் காத்திருந்திருக்கின்றன. கிழவன் எதனால் செத்தான் என்று நான் கேட்கவில்லை. அவர்களும் சொல்லவில்லை.

கொதிநீர் ஊற்றி, கூண்டை உடைத்து அப்புறப்படுத்தினார்கள். சுவர் வெடிப்புகளுக்கு மருந்து அடித்தாயிற்று. முட்டை ஆயிரக்கணக்கில் கிடக்கும், இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை அடிக்க வேண்டுமாம்.

ஜூன் 28, சனி

மறுபரிசோதனை. தட்டணு 1,65,000. ஈறு போட்டோ வந்தது. பழைய நிறம் பாதி திரும்பியிருக்கிறது.

ஜூலை 6, ஞாயிறு. சுங்கை சிப்புட்

கேட் சத்தம் கேட்டதும் குரைத்தான், அப்புறம்தான் அடையாளம் தெரிந்தது. ஐந்து நிமிடம் என்னைச் சுற்றிச் சுற்றி ஓடிவிட்டு, போய் அம்மா காலடியில் படுத்துக்கொண்டான்.

இன்னும் 24 மாத்திரை இருக்கிறது, ஜூலை 18 காலையோடு முடியும். இரவு மாத்திரையை நான் கோழித்துண்டுக்குள் ஒளித்துக் கொடுத்தேன். கோழியைத் தின்றுவிட்டு மாத்திரையைத் துப்பினான். அம்மா சிரித்துக்கொண்டே குனிந்து எடுத்து, சோற்று உருண்டைக்குள் வைத்து, முதலில் மாத்திரை இல்லாத ஓர் உருண்டை, அடுத்து மாத்திரை உருண்டை, உடனே மூன்றாவதைக் கண்ணெதிரே காட்டினார். மூன்றாவதற்கு அவசரப்பட்டு இரண்டாவதை முழுங்கிவிட்டான்.

நாளையிலிருந்து நான் அப்படித்தான் செய்ய வேண்டும்.