மீட்டரில் நான்கு லைட்டு, பேட்டரிக்கு அடியில் ஒரு கூடு

கார்த்திகை மழை சற்று விட்டிருந்த ஒரு திங்கட்கிழமை, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் தன் பெட்ரோல் காரை என் பட்டறை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். கும்பகோணத்தில் பத்தொன்பது வருடமாக நான் பார்ப்பது கார் எலக்ட்ரிக்கல் வேலை. அவர் இறங்கிய வேகத்திலேயே கோபம் தெரிந்தது. "தம்பி, வண்டி நல்லாத்தான் ஓடுது. ஆனா வேகத்தடையில ஏறி இறங்கினா மீட்டர் செத்துடுது. ஆர்பிஎம் முள்ளு கீழ விழுது, நாலு லைட்டு எரியுது. அஞ்சாறு செகண்டுல எல்லாம் பழையபடி வந்துடுது. ஒரு இடத்துல காட்டினேன். மீட்டர் போர்டே போயிடுச்சு, 28,000 ரூபாய் ஆகும்னாங்க."

வண்டியை யாரும் எங்காவது இடித்தார்களா, தண்ணீரில் இறங்கியதா என்றெல்லாம் கேட்டுவிட்டு, எத்தனை நாள் ஓட்டாமல் நின்றது என்றும் கேட்டேன். பெங்களூரில் மகள் வீட்டுக்குப் போயிருந்தாராம். 18 நாள் போர்டிகோவில் நின்றிருக்கிறது. போர்டிகோவை ஒட்டி நெல் மூட்டை வைக்கும் அறை. சரி, எலி வேலைதான் என்று பாதி விஷயம் புரிந்துவிட்டது.

எரிந்த லைட்டுகள் எவை என்பதைப் பார்ப்பதுதான் இந்த வேலையில் முதல் படி. செக் எஞ்சின், ஏபிஎஸ், ஸ்டியரிங், சாவி படம் போட்ட லைட்டு. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நான்கு பாகங்கள் ஒரே நொடியில் கெட்டு, ஐந்து நொடியில் தாமாகவே குணமாவது என்பது நடக்காத காரியம். எலி ஒரு சென்சார் ஒயரை மட்டும் கடித்திருந்தால் அதற்குரிய லைட்டுதான் வரும். முன்சக்கர சென்சார் ஒயர் அறுந்தால் ஏபிஎஸ், கூடவே அதைச் சார்ந்த ஒன்றிரண்டு. ஆக்சிஜன் சென்சார் ஒயர் அறுந்தால் செக் எஞ்சின் மட்டும். எல்லாம் சேர்ந்து வந்து சேர்ந்து போனால், அந்தப் பாகங்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் பொது வழியில் ஏதோ ஆட்டம் கண்டிருக்கிறது என்று பொருள்.

அந்தப் பொது வழியைத்தான் கேன் லைன் என்கிறோம். ஒன்றோடொன்று முறுக்கிய இரண்டே இரண்டு மெல்லிய ஒயர்கள். எஞ்சின் கம்ப்யூட்டர், ஏபிஎஸ் பெட்டி, ஸ்டியரிங் மோட்டார், மீட்டர் போர்டு எல்லாம் அந்த ஜோடியில்தான் தொங்குகின்றன. மீட்டரில் ஆர்பிஎம் முள்ளை நகர்த்துவது எஞ்சின் கம்ப்யூட்டர் அந்த ஒயரில் அனுப்பும் செய்திதான். அது வராவிட்டால் மீட்டருக்கு எஞ்சின் ஓடுகிறதா என்பதே தெரியாது. முள்ளைக் கீழே போட்டுவிட்டு லைட்டைப் போட்டுவிடும். எஞ்சினுக்கோ ஒன்றும் தெரியாது. அதன் சென்சார்கள் தனி ஒயரில் நேராக வருவதால் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். சார் சொன்ன "வண்டி நல்லாத்தான் ஓடுது" என்ற ஒரு வார்த்தை எனக்கு ஸ்கேனரைவிட அதிகம் சொன்னது.

இருந்தாலும் ஸ்கேன் போட்டேன். ஏபிஎஸ், ஸ்டியரிங், மீட்டர் மூன்றிலும் ஒரே எரர் கோடு: U0100. எஞ்சின் கம்ப்யூட்டரோடு தொடர்பு விட்டுப்போனது என்று அதற்கு அர்த்தம். மூன்று பேர் சேர்ந்து ஒருவரைக் காணோம் என்கிறார்கள். காணாமல் போனவர் வீட்டைத்தான் தேடிப் போக வேண்டும், புகார் கொடுத்தவர் வீட்டை அல்ல. மீட்டர் போர்டை மாற்றச் சொன்னவர்கள் செய்த தப்பு அதுதான். அவர்களைக் குறை சொல்ல எனக்கும் வாய் இல்லை. தொழிலுக்கு வந்த புதிதில் இதே மாதிரி ஒரு வண்டிக்கு ஏபிஎஸ் பெட்டியை மாற்றச் சொல்லி, மாற்றிய பிறகும் லைட்டு அணையாமல், கடைசியில் தலைகுனிந்து நின்றிருக்கிறேன்.

அடுத்தது ஓம் சோதனை. பேட்டரியின் நெகட்டிவ் கம்பியைக் கழற்றிவிட்டுச் சில நிமிடம் விட வேண்டும். லைனில் கரண்ட் இருந்தால் அளவு பொய்யாக வரும். பிறகு ஸ்டியரிங்குக்குக் கீழே, ஸ்கேனர் மாட்டும் ஓபிடி சாக்கெட்டில் 6, 14 ஆகிய இரண்டு பின்களுக்கு நடுவே மல்டிமீட்டரை வைத்தேன். கேன் லைனின் இரு முனையிலும் தலா 120 ஓம் ரெசிஸ்டர் இருக்கும். இரண்டும் சேர்ந்து 60 ஓம் காட்டினால் லைன் முழுசாக இருக்கிறது. 120 காட்டினால் ஒரு முனை பிரிந்துவிட்டது. இந்த வண்டியில் ஒரு முனை எஞ்சின் கம்ப்யூட்டருக்கு உள்ளேயே இருக்கிறது. (நடுவில் கிளையாகப் பிரிந்து போகும் ஒயர் அறுந்தால் 60 அப்படியே நிற்கும். அதனால் 60 வந்தாலே எல்லாம் சரி என்று மூட்டை கட்டிவிடக் கூடாது.)

மல்டிமீட்டர் 60 காட்டியது. பையனை பானட்டுக்குள் கைவிட்டு, ஒயர்களைச் சேர்த்துக் கட்டிய ஹார்னஸை இடம் இடமாக அசைக்கச் சொன்னேன். ரேடியேட்டர் பக்கம் ஒன்றுமில்லை. ஃபியூஸ் பாக்ஸ் பக்கம் ஒன்றுமில்லை. பேட்டரி ட்ரேக்கு அடியில் அசைத்தபோது 60 என்பது 120 ஆகி, திரும்ப 60 ஆனது. "அண்ணே, இங்க பஞ்சு மாதிரி என்னவோ இருக்கு" என்றான்.

பேட்டரியையும் ட்ரேயையும் கழற்றினோம். கியர்பாக்ஸ் தலைக்கு மேலே, தட்டையான அந்த இடத்தில் கூடு. பானட்டின் உட்பக்கம் ஒட்டியிருக்கும் பஞ்சு மெத்தையைப் பிய்த்துக் கொண்டுவந்து அடுக்கியிருந்தது. நடுவில் காய்ந்த தேங்காய்ச் சில்லு இரண்டு, நெல் உமி ஒரு கைப்பிடி. வண்டியை நிறுத்திய பிறகு சூடு நெடுநேரம் தங்கும் இடம் அது. மழையில் வளைக்குள் தண்ணீர் புகுந்து வெளியே வந்த எலிக்கு இதைவிட நல்ல வீடு கிடைக்காது. என் பட்டறையில் எலி வேலை ஐப்பசி, கார்த்திகையில் குவிவதற்கு நான் கண்ட காரணம் இதுதான்.

கடியை மற்ற சேதத்திலிருந்து பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். வெப்பத்தில் போன ஒயர் விறைத்துப்போய், தோல் நீளவாக்கில் வெடித்திருக்கும். இரும்பில் உரசிப் போன ஒயரில் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து பளபளக்கும். எலி கடித்தது அப்படி இருக்காது. சின்ன உளியால் செதுக்கியது மாதிரி பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கோடு, அதே ஜோடி திரும்பத் திரும்ப. கீழே உதிர்ந்த பிளாஸ்டிக் துணுக்கு புட்டு மாவு மாதிரி கிடக்கும். உள்ளே தெரியும் செம்பு பளிச்சென்று இருந்தால் கடி புதிது. கறுத்தோ பச்சை பூத்தோ இருந்தால் பழையது. இந்த வண்டியில் கேன் ஜோடியில் ஒரு ஒயர் முழுக்கத் துண்டாகியிருந்தது. ஆனால் சுற்றியிருந்த டேப் இரண்டு முனைகளையும் நெருக்கிப் பிடித்திருந்ததால் சும்மா நிற்கும்போது செம்பும் செம்பும் தொட்டுக்கொண்டிருந்தன. நின்ற வண்டியில் மல்டிமீட்டர் "பீப்" என்று ஒலிப்பதை நம்பியவர்கள் ஏமாந்தது அதனால்தான். வேகத்தடைதான் உண்மையைச் சொன்னது.

கையுறை போடாமல் பையன் கூட்டை அள்ளப் போனான், தடுத்தேன். எலி மூத்திரத்தில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம், கையில் சின்னக் கீறல் இருந்தாலே போதும். முன்பெல்லாம் நானே ஏர் கன்னை வைத்து ஊதித் தள்ளியிருக்கிறேன். முகத்தில் தெறிக்கும் தூசி என்ன தூசி என்று யோசித்ததே இல்லை. இப்போது கிருமிநாசினித் தண்ணீரைத் தெளித்து ஊறவைத்து, ஈரத்தோடு துடைத்து எடுக்கிறோம்.

ஒட்டுப்போடும்போது இரண்டு விஷயம். பற்பட்ட இடத்தை இருபுறமும் நல்ல செம்பு வரும்வரை வெட்டிவிட்டு, அதே கனமுள்ள ஒயரைச் சேர்த்து சால்டர் வைத்து, மேலே ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டேன். வெறும் டேப் எஞ்சின் சூட்டில் பசை உருகி நழுவிவிடும். அப்புறம் அந்த ஜோடியைப் பழையபடி முறுக்கிவிட வேண்டும். வெளியிலிருந்து வரும் மின் இரைச்சல் இரண்டு ஒயரிலும் ஒரே அளவில் விழுந்து அடிபட்டுப்போவதற்காகத்தான் அந்த முறுக்கு. நேராக விட்டால் இக்னிஷன் காயில் பக்கத்தில் அது வேறு தொல்லையைக் கொண்டுவரும். வேலை முடிந்து ஹார்னஸை உலுக்கியபோது 60 அசையவில்லை. ஸ்கேனரில் எரர் கோடுகளை அழித்துவிட்டு, எங்கள் தெருக்கோடி பள்ளத்தில் நான்கு முறை ஏற்றி இறக்கிப் பார்த்தேன். முள் நிமிர்ந்தே நின்றது. வாங்கியது 1,800 ரூபாய். சார் மகிழ்ச்சியாகப் போனார்.

நான்காம் நாள் திரும்ப வந்தார். லைட்டு எதுவும் இல்லை. "காலையில வண்டிகிட்ட போனா பெட்ரோல் வாடை அடிக்குது தம்பி."

எனக்கு வயிற்றைக் கலக்கியது. பானட்டைத் திறந்து, எஞ்சினுக்குப் பின்னால், எஞ்சினையும் உட்காரும் இடத்தையும் பிரிக்கும் ஃபயர்வால் தகடு பக்கம் டார்ச் அடித்தேன். பெட்ரோல் வரும் நைலான் குழாயில் அதே ஜோடிக் கோடு. ஊசித்துளை மாதிரி ஒன்று; சுற்றிலும் ஈரம். எஞ்சின் ஓடும்போது அந்தக் குழாயில் அழுத்தம் இருக்கும். பக்கத்திலேயே சுடும் எஞ்சின். கடித்த ஒயர் கையில் கிடைத்த சந்தோஷத்தில் மற்ற இடங்களை நான் பார்க்கவே இல்லை. எலி ஒரே இடத்தில் வாயை வைத்துவிட்டுப் போகும் பிராணி அல்ல. அதன் பல் வளர்ந்துகொண்டே இருப்பதால் எதையாவது கொறித்தாக வேண்டும். ஒயர் கடிபட்டால் மீட்டரில் லைட்டு வரும். பெட்ரோல் குழாய் கடிபட்டதற்கு அந்த வண்டியில் லைட்டே கிடையாது. குழாயை ஒட்டுப்போடாமல் புதிதாக மாற்றிக் கொடுத்தேன். கூலி வாங்கவில்லை, வாங்க மனம் வரவில்லை.

அன்றிலிருந்து எலி வண்டி என்று தெரிந்தால், லைட்டு அணைந்த பிறகும் அரை மணி நேரம் தனியாக ஒதுக்குகிறேன். பெட்ரோல் குழாய், ஃபயர்வால் மூலை, வைப்பர் தண்ணீர் டேங்க், சக்கரத்துக்கு மேல் இருக்கும் பிளாஸ்டிக் மூடிக்குப் பின்னால், கடைசியாக கிளவ் பாக்ஸைக் கழற்றி ஏசி ஃபில்டர். ஃபில்டரில் ஓட்டை இருந்தால் எலி வண்டிக்குள்ளேயே வந்துபோகிறது.

இனி வராமலிருக்க என்ன செய்வது என்று சார் கேட்டார். நிச்சயமான மருந்து என்னிடம் இல்லை. அந்துருண்டை, புகையிலை எல்லாம் வாடை இருக்கும்வரை, பத்துப் பதினைந்து நாள் தாக்குப்பிடிக்கும். சைலன்சர் பக்கம் மட்டும் துணி மூட்டையாகத் தொங்கவிட்டுவிடக் கூடாது. எலி மருந்து வைக்க வேண்டாம் என்றேன். ஏசி குழாய்க்குள் போய்ச் செத்த எலியை எடுக்க ஒருமுறை டேஷ்போர்டையே பிரித்தவன் நான். இரவில் பானட்டைத் தூக்கி வைத்தால் வெளிச்சமும் காற்றும் படும் இடத்தில் அது கூடு கட்டத் தயங்குகிறது. நெல் மூட்டையை வேறு அறைக்கு மாற்றுவதுதான் எல்லாவற்றிலும் மேல். அதைச் சொன்னதும், அது வீட்டம்மா முடிவு செய்ய வேண்டிய விஷயம் என்று சிரித்தார்.

போன வாரம் ஆயில் மாற்ற வந்திருந்தார். பானட்டைத் திறந்ததும், நான் டார்ச்சை எடுப்பதற்குள் அவரே குனிந்து மோந்து பார்த்தார். "புகையிலை வாடைதான் தம்பி, பயமில்லை" என்றார். மூட்டைகள் இன்னும் அதே அறையில்தான் இருக்கின்றனவாம்.