மாலை பேட்சுக்கு எத்தனை மார்க் சேர்ப்பது?

கோபிசெட்டிபாளையத்தில் ஒரு பயிற்சி மையத்துக்கு மாதிரித் தேர்வு நடத்திக் கொடுத்தேன். இடம் போதாததால் காலையில் 200 பேர், மாலையில் 200 பேர். இரண்டு வேளைக்கும் வெவ்வேறு தாள், தலா 100 கேள்வி. அவற்றில் 20 கேள்விகள் மட்டும் இரண்டு தாளிலும் வார்த்தை மாறாமல், அதே வரிசை எண்ணில் இருந்தன. இரண்டு பேட்சின் திறமையையும் ஒப்பிட உதவும் இவைதான் ஆங்கர் கேள்விகள். வரிசை எண் முக்கியம்: ஒரு தாளில் 10-ஆவதாக வரும் கேள்வி இன்னொன்றில் 95-ஆவதாக வந்தால், நேரம் போதாமல் விடுகிறவர்கள் கூடிவிடுவார்கள்.

காலை சராசரி 60, மாலை 58. "மாலைத் தாள் கஷ்டம், ஆளுக்கு 2 மார்க் போட்டுடலாமுங்க" என்றார் நிர்வாகி. இரண்டு பேட்சும் ஒரே திறமை என்றால் அது சரி. ஆனால் ஆங்கர் சராசரி காலையில் 12, மாலையில் 13. மாலைப் பிள்ளைகள் கொஞ்சம் கெட்டிக்காரர்கள், அப்படியிருந்தும் மொத்தத்தில் குறைவாக எடுத்திருக்கிறார்கள். அப்படியானால் அவர்கள் தாள் 2 மார்க்கைவிடக் கூடுதலாகவே கடினம்.

எவ்வளவு என்பதை இரண்டு படியில் கண்டுபிடிக்கலாம். மார்க்குகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று காட்டும் திட்டவிலக்கம் இரண்டு பேட்சிலும் முழுத் தாளுக்கு 15, ஆங்கருக்கு 3. அதாவது ஆங்கரில் 1 மார்க், முழுத் தாளில் 5 மார்க்குக்குச் சமம். மாலைத் தாளின் 58, ஆங்கரில் 13-க்கு இணை. காலை பேட்சில் ஆங்கர் 12-க்கு இணை 60 என்றால், 13-க்கு இணை 65. ஆக மாலையின் 58 காலையின் 65. சேர்க்க வேண்டியது 7. இங்கே திட்டவிலக்கங்கள் ஒத்துப்போனதால் எல்லாருக்கும் அதே 7. ஒத்துப்போகாவிட்டால் அதிக மார்க் எடுத்தவர்களுக்கு ஒரு அளவு, குறைவாக எடுத்தவர்களுக்கு ஒரு அளவு வரும்.

7 எனக்கு உறுத்தியது. ஒவ்வொரு ஆங்கர் கேள்விக்கும் எத்தனை சதவீதம் பேர் சரியாக எழுதினார்கள் என்று இரண்டு பேட்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். 18 கேள்விகளில் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டு மட்டும் காலையில் 40, மாலையில் 85. ஒரு மாணவியிடம் கேட்டேன். "பஸ் ஸ்டாண்டுல காலை பேட்ச் பிள்ளைங்க அந்த ரெண்டையும் சொல்லிட்டாங்க சார்" என்றாள்.

அந்த இரண்டையும் ஆங்கரிலிருந்து எடுத்தேன். காலை சராசரி 12-இல் 0.8 போய் 11.2. மாலை 13-இல் 1.7 போய் 11.3. பேட்சுகளுக்கு நடுவே இருந்த 1 மார்க் வித்தியாசம் 0.1 ஆகச் சுருங்கிவிட்டது. ஆங்கரின் திட்டவிலக்கம் கொஞ்சம்தான் குறைந்தது, அதனால் மாலையின் 58 காலையின் சுமார் 60.5-க்கு இணை. மாலையில் 63 எடுத்தவருக்கு முன்பு 70 என்று வந்தது, இப்போது 65.5.

அந்த இரண்டு கேள்விகளின் மார்க் மாலைத் தாளின் 58-க்குள்ளும் கலந்திருக்கிறது. அதனால் இரண்டு தாளிலும் அவற்றை மொத்தத்திலிருந்தும் நீக்கி, 98-க்குத் திருத்தி, கணக்கை மறுபடி போட்ட பிறகுதான் தரவரிசையை ஒட்டினோம். அடுத்த தேர்வுக்கு ஆங்கரை 25 ஆக்கினேன், நாலைந்து கழன்றாலும் 20 மிஞ்சும். 25-ம் முழுத் தாளின் பாடப் பங்கீட்டிலேயே இருக்கும்படி எடுத்தேன். கணக்கு கேள்விகளாகவே ஆங்கர் அமைந்துவிட்டால், கணக்கில் தேறிய பேட்ச் எல்லாவற்றிலும் தேறியதுபோலக் காட்டிவிடும்.