ராணி முன்னாலா, பின்னாலா? காட்பாடி நாட்குறிப்பு

மே 6

காட்பாடியில் வெயில் இறங்க ஆறு மணி ஆகிவிடுகிறது. அதுவரை மொட்டை மாடியில் கால் வைக்க முடியாது. அதனால் பிள்ளைகளுக்கு செஸ் வகுப்பு கீழே வராந்தாவில்தான்.

எதிர்வீட்டுப் பையன் வெள்ளை. d3-ல் பிஷப், c2-ல் ராணி, இரண்டும் h7-ஐப் பார்த்து ஒரே மூலைக்கோட்டில். கறுப்பு ராஜா கோட்டை கட்டி g8-ல் இருக்கிறது. h7-க்கு அந்த ராஜாவைத் தவிர வேறு காவல் இல்லை. பிஷப்பால் h7 சிப்பாயை வெட்டி "செக்" என்றான். ராஜா h8-க்கு ஒதுங்கியது. அவ்வளவுதான், மேட் வரவில்லை. அடுத்து எதிராளி g6 வைத்ததும் பிஷப்புக்கு வந்த வழி அடைபட்டது. g6-ஐ வெட்டித் தன்னைப் பலி கொடுத்தால்தான் ராணிக்கு வழி பிறக்கும்.

"ரெண்டும் லைன்லதானே அண்ணா இருக்கு?" என்றான். இருக்கிறது, வரிசைதான் தப்பு.

மே 7

அதே பலகையில் காய்களை மாற்றி வைத்தேன். ராணி d3, பிஷப் c2. இப்போது ராணியே h7-ல் இறங்கும். பின்னாலிருந்து பிஷப் தாங்குவதால் ராஜாவால் ராணியைத் தொட முடியாது. ஆனால் இது மேட் ஆக, கறுப்பின் யானை f8-ல் நிற்க வேண்டும். அது முன்பே e8-க்குப் போயிருந்தால் ராஜா f8 வழியாக நழுவிவிடும். மேட் தேடும்போது பலர் இந்த ஒரு கட்டத்தைப் பார்ப்பதில்லை.

பையனின் நிலையிலிருந்து இங்கே வர மூன்று நகர்வு வேண்டும்: ராணி e2, பிஷப் c2, ராணி d3. நடுவில் ராணி நிற்பதால் பிஷப் நேராகப் பின்வாங்க முடியாது. அந்த மூன்று நகர்வுக்குள் எதிராளி g6 வைப்பான், இல்லையென்றால் குதிரையை f6-க்குக் கொண்டுவருவான். ஆரம்பத்திலேயே யார் பின்னால் என்று முடிவு செய்துவிட வேண்டும் என்பது இதனால்தான். g6 வைக்க வைத்ததே ஒரு லாபம்தான் என்பது என் கட்சி. f6, h6 இரண்டும் பலவீனமாகிவிடும்.

மே 9

குடியாத்தத்திலிருந்து பழைய சிநேகிதர் வந்திருந்தார். "நேர்க்கோட்டுல ராணி முன்னால வரக்கூடாது சார்" என்றார். சரிதான். மூலைக்கோட்டில் நாம் தேடியது மேட். நேர்க்கோட்டில் பெரும்பாலும் நடப்பது வெட்டுக்கு வெட்டு. காவல் உள்ள காயை ராணி முதலில் வெட்டினால் ராணியே போய்விடும். யானை முதலில் போக வேண்டும், ராணி கடைசியில்.

இதற்கு 1930-ல் இத்தாலியின் சான் ரெமோவில் அப்போதைய உலக சாம்பியன் அலெகைன் நிம்சோவிச்சை வென்ற ஆட்டத்தை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. c3-ல் யானை, c2-ல் யானை, 26-வது நகர்வில் ராணியும் c1-க்கு. இந்த அமைப்புக்கே அலெகைனின் துப்பாக்கி என்று பெயர் நிலைத்துவிட்டது.

எதிரே c6-ல் கறுப்புக் குதிரை. c3 யானை அதை நேராகத் தாக்குகிறது. c2 யானையும் c1 ராணியும் முன்னால் நிற்கும் தங்கள் காய்களை ஊடுருவித் தாக்குகின்றன. எக்ஸ்ரே என்பது இதைத்தான். எண்ணும்போது மறைந்து நிற்பவற்றையும் சேர்க்க வேண்டும். b5 பிஷப்பையும் சேர்த்து வெள்ளைக்கு நான்கு. கறுப்புக்கும் நான்கு: d7 ராணி, c7 யானை, அதன் பின்னால் c8 யானை, e7 குதிரை. கணக்கு சமம்.

27-வது நகர்வில் பிஷப் b5-லிருந்து a4-க்குப் பின்வாங்கியது. இந்த ஆட்டத்தில் எனக்குப் பிடித்த இடம் இதுதான். b4 சிப்பாய்க்கு வழி விட்டுவிட்டது. சிப்பாய் b5-க்கு வந்தால் குதிரை நிற்கவும் முடியாது, ஓடவும் முடியாது. ஓடினால் c7 யானை வெளிப்படும்: வெள்ளைக்கு மூன்று தாக்குதல், கறுப்புக்கு c8 யானை, d7 ராணி என்று இரண்டே காவல்.

நிம்சோவிச் b5-ல் சிப்பாயைக் கொடுத்து நேரம் வாங்கினார். பிஷப் அதை வெட்டிவிட்டு மறுபடி a4-க்குத் திரும்புவதற்குள் ராஜா e8 வழியாக d8-க்கு ஓடியது, c7-க்கு மூன்றாவது காவலாக. அலெகைன் அவசரப்படவில்லை. 30-வது நகர்வில் h4, சும்மா ஒரு சிப்பாய். கறுப்புக்கு h, g சிப்பாய்களில் இரண்டொரு நகர்வுதான் மிச்சம். அதன்பின் ஏதாவது ஒரு காவல்காரன் இடம் விட்டே ஆக வேண்டும். நிம்சோவிச் அங்கேயே தோல்வியை ஒப்புக்கொண்டார்.

சிநேகிதர் அந்த h4-ஐ நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் கடைசி பஸ் ஞாபகம் வந்து கிளம்பினார்.

மே 12

சத்துவாச்சாரியிலிருந்து வரும் பெண் இன்று c1, c2-ல் யானைகளை அடுக்கிவிட்டு, "துப்பாக்கி ரெடி" என்றாள். c3-ல் அவளுடைய சிப்பாயே நிற்கிறது. கோடு திறக்காமல் எத்தனை காய் அடுக்கினாலும் பயனில்லை. அலெகைன் ஆட்டத்தில் 13-வது நகர்விலேயே c சிப்பாய்கள் இரண்டும் போய்விட்டன, அடுக்கியது அதற்குப் பிறகுதான். எதிராளியின் சிப்பாய் d5-ல் இருப்பதைக் காட்டி, "c4 தள்ளு, அவன் வெட்டினா கோடு திறக்கும்" என்றேன். வெட்டாமல் விட்டால் நாமே d5-ஐ வெட்டலாம்.