நண்பன் ஜெயித்தபோது கேட்கும் பாட்டுகள்: நாலாவது தொகுப்பு சரியாக வந்திருக்கிறது

மூன்று தடவை கலைத்துக் கலைத்து அடுக்கிய தொகுப்பு இந்த வாரம்தான் ஒழுங்காக வேலை செய்தது, அதனால் எழுதுகிறேன். விஷயம் இதுதான். நானும் மச்சானும் ஒரே வகுப்பில் கணக்கியல் படித்தவர்கள், அவன் கடைசிப் பாடத்தையும் முடித்து மேலாளராகி விட்டான், நான் அதே பாடத்தை மூன்றாம் முறை எழுதப் போகிறேன். அவன் படத்தைப் பார்த்தாலே வயிறு இறுகியது. அது எனக்குப் பிடிக்கவில்லை, அவன் நல்லவன். வெள்ளவத்தையிலிருந்து கோட்டை வரைக்கும் பஸ்ஸில் போகிற நேரத்துக்கு ஒரு தொகுப்பு செய்து இந்த எண்ணத்தை இறக்கி வைக்கலாம் என்று தொடங்கினேன்.

முதல் தொகுப்பில் ‘படையப்பா’வின் வெற்றிக் கொடிப் பாட்டு மாதிரி வேகப் பாட்டுகளாகவே போட்டேன். அது தப்பு. அந்த மாதிரிப் பாட்டு கேட்கும்போது மனம் எதிரே ஒரு ஆளை நிறுத்தி வைத்துக்கொள்கிறது, என் மனம் கொண்டு வந்து நிறுத்தியது மச்சானைத்தான். பம்பலப்பிட்டி தாண்டுவதற்குள் முன்னைவிடக் கோபம்.

அடுத்ததில் ‘மயக்கமா கலக்கமா’. 1962இல் ‘சுமைதாங்கி’க்காகக் கண்ணதாசன் எழுதி பி.பி. ஸ்ரீநிவாஸ் பாடியது. ஊருக்குத் திரும்பிப் போக இருந்த வாலி இதைக் கேட்டுத்தான் சென்னையிலேயே தங்கினார் என்பது எல்லாருக்கும் தெரிந்த கதை. சோர்வுக்கு இதைவிட மருந்து கிடையாது. ஆனால் பொறாமைக்கு? இரண்டு வாரம் கேட்டபிறகுதான் பிடிபட்டது. நமக்குக் கீழே எத்தனையோ பேர் இருக்கிறார்கள், அவர்களை நினைத்து நிம்மதி தேடு என்கிறது பாட்டு. ஏணி அப்படியே இருக்கிறது, பார்வையை மட்டும் கீழே திருப்பச் சொல்கிறது. கீழே பார்க்கப் பழகிய கண் அடுத்த நிமிஷம் மேலேயும் பார்க்கும், மேலே அவன் நிற்பான். அதனால் உயிரான பாட்டாக இருந்தும் எடுத்து விட்டேன்.

ஏணியே இல்லாத பாட்டுத்தான் வேண்டும் என்று தேடியபோது பாரதியின் ‘நிற்பதுவே நடப்பதுவே’ வந்தது, 2000இல் வந்த ‘பாரதி’ படத்தில் இளையராஜா இசையில் ஹரீஷ் ராகவேந்திரா பாடியது. இதிலும் ஓர் ஆபத்து உண்டு, ‘எல்லாம் மாயை, அவன் வேலையும் மாயை’ என்று குரூரமாகவும் கேட்கலாம். என்னைக் காப்பாற்றியது ‘நானும் ஓர் கனவோ’ என்ற வரி. கேள்வி தன்னையும் சேர்த்தே கேட்கப்படுகிறது, அவனும் நானும் ஒரே வரியில் நிற்கிறோம். ஆகவே இதுதான் முதல் பாட்டு. இசை மருத்துவத்தில், அந்த நேரம் இருக்கிற மனநிலைக்கு ஒத்த இசையில் தொடங்கி மெல்ல நகர்த்து என்பார்கள், எடுத்த உடனே சந்தோஷப் பாட்டு போட்டால் மனம் கதவை மூடிக்கொள்ளும்.

கடைசிப் பாட்டு முதலிலிருந்தே முடிவாகி விட்டது: 1996இன் ‘காதல் தேச’த்து ‘முஸ்தபா’. அதை எழுதியவரும் அதே வாலி. இதை வயிறு இறுகாமல் கேட்க முடிந்தால் தொகுப்பு பலித்தது என்று வைத்திருந்தேன்.

சிக்கல் நடுவில்தான். பாரதியிலிருந்து நேரே முஸ்தபாவுக்குத் தாவினால் யாரோ உலுக்கி எழுப்பியது மாதிரி இருக்கிறது. சொல் உள்ள எந்தப் பாட்டை வைத்தாலும் மனம் அதில் ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு அவனைப் பற்றி யோசிக்கப் போய்விடுகிறது. கடைசியில் ஒரு நாதஸ்வர மோகன ராக ஆலாபனையில் நாலு நிமிஷம் மட்டும் வெட்டி வைத்தேன். ஐந்தே ஸ்வரம், அழுகையும் இல்லை, ஆர்ப்பாட்டமும் இல்லை. வெட்டுகிற இடம் மேல் ஷட்ஜத்தில் நின்று இறங்கி முடியும் இடமாக இருக்க வேண்டும், பாதியில் வெட்டினால் காது தொங்கிக்கொண்டே இருக்கும். அந்த ஒரு வெட்டுக்கே மூன்று ராத்திரி போனது.

சத்த அளவும் படுத்தியது. பழைய நாதஸ்வரப் பதிவு மெல்ல ஒலிக்கிறது, முஸ்தபா காதில் அறைகிறது. பழையதை ஏற்றினால் இரைச்சலும் சேர்ந்து ஏறுகிறது, ஆகவே Audacity என்ற ஒலி வெட்டும் மென்பொருளில் புதியதன் சத்தத்தைத்தான் இறக்கினேன். இயர்போன் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கியது, ஒரு பக்கம் ஒரு மாதத்தில் செத்தது. மாற்றித் தர மாட்டேன் என்று விட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை முஸ்தபா ஓடி முடிந்தது, வயிறு இறுகவில்லை. கோட்டையில் இறங்கியதும் ‘வாழ்த்துக்கள் மச்சான், ஞாயிறு தேத்தண்ணி குடிப்பமா’ என்று அனுப்பினேன், ஏழு வாரம் தாமதமாக.

நாதஸ்வரத்துக்கும் முஸ்தபாவுக்கும் இடையில் இன்னும் ஒரு சின்ன உலுக்கல் இருக்கிறது. மூன்று செக்கன் வெறும் மௌனம் விட்டுப் பார்க்கப் போகிறேன். அதை முடிப்பதற்குள்ளேயே தங்கச்சி தனக்கும் ஒன்று செய்து தரச் சொல்கிறாள், அவளுடைய சிநேகிதிக்குக் கனடா விசா கிடைத்து விட்டதாம்.